மருத்துவமனையில் இருந்து நேராக விமானத்திற்கு: 'பயணிக்கத் தகுதியானவர்' என்ற ஒற்றை வரி ஏன் போதாது?

புதுடெல்லி: பெருநகர மருத்துவமனைகளில் சிகிச்சை முடிந்து சொந்த ஊர் திரும்பும் நோயாளிகளின் குடும்பத்தினர், கையில் டிஸ்சார்ஜ் சம்மரியும் விமான டிக்கெட்டும் இருந்தால் போதும் என்று கருதுவது வழக்கம். நோயாளிக்கு ஆக்சிஜன் தேவைப்பட்டாலோ, அண்மையில் அறுவை சிகிச்சை நடந்திருந்தாலோ, விமான நிறுவனத்தின் மருத்துவப் பிரிவு தனியாக அனுமதி அளித்தாக வேண்டும். அதற்காக மருத்துவர் தரும் கடிதம் பல நேரங்களில் 'நோயாளி நலமாக உள்ளார், பயணிக்கத் தகுதியானவர்' என்ற ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது. அந்தக் கடிதம் திருப்பி அனுப்பப்படும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

மருத்துவமனையில் இருந்து வீட்டிற்கு அனுப்பலாம் என்பதும், விமானத்தில் அனுப்பலாம் என்பதும் இரு வேறு முடிவுகள். முதலாவது தரைமட்டக் காற்றைச் சுவாசிப்பவரைப் பற்றியது. இரண்டாவது, சில மணி நேரம் மலை உச்சியில் அமர்ந்திருக்கப் போகிறவரைப் பற்றியது.

விமானத்திற்குள் எவ்வளவு காற்று?

பயணிகள் விமானம் 35 ஆயிரம் அடி உயரத்தில் பறந்தாலும், உள்ளே காற்றழுத்தம் செயற்கையாகக் கூட்டப்படுகிறது. ஆனால் அது தரைமட்ட அளவுக்குக் கூட்டப்படுவதில்லை. அதிகபட்சமாக 8,000 அடி உயரத்தில் இருப்பதற்கு இணையான அழுத்தம் வரை குறைய அனுமதி உண்டு. தமிழக வாசகர்களுக்குச் சொல்வதென்றால், ஊட்டி நகருக்கும் தொட்டபெட்டா சிகரத்திற்கும் இடைப்பட்ட உயரம் அது.

அந்த அழுத்தத்தில் சுவாசிப்பது, தரையில் 21 சதவீத ஆக்சிஜனுக்குப் பதிலாக சுமார் 15 சதவீத ஆக்சிஜன் உள்ள காற்றைச் சுவாசிப்பதற்குச் சமம். நல்ல உடல்நிலையில் உள்ளவருக்கும் ரத்த ஆக்சிஜன் அளவு 90 முதல் 94 சதவீதம் வரை இறங்கக்கூடும். அவர் அதை உணர்வதே இல்லை. ஆனால் தரையிலேயே 91 அல்லது 92 சதவீதத்தில் இருப்பவரின் நிலை வேறு. ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு குறையும் விதம் சீரான சரிவு அல்ல. 90-ஐ ஒட்டிய இடம் வரை மெதுவாக இறங்கி, அதன் பிறகு செங்குத்தாக விழும். எனவே தரையில் மூன்று, நான்கு புள்ளிகள் குறைவாகத் தெரிபவருக்கு, வானில் அந்த இடைவெளி பல மடங்காகிவிடலாம்.

இன்னொன்றும் நிகழ்கிறது. அழுத்தம் குறையும்போது உடலுக்குள் அடைபட்டிருக்கும் வாயு விரிவடைகிறது. 8,000 அடிக்கு இணையான அழுத்தத்தில் அதன் கொள்ளளவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. குடலில் இருக்கும் வாயு என்றால் சற்று உப்புசம், அவ்வளவுதான். நுரையீரலுக்கும் மார்புச் சுவருக்கும் இடையே காற்று தேங்கியிருந்தால், அதே விரிவு உயிருக்கே ஆபத்தாக முடியும். மருத்துவ அனுமதிப் படிவத்தில் உள்ள கேள்விகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு நிகழ்வுகளைச் சுற்றியே அமைந்துள்ளன.

'மெடிஃப்' படிவம்

இந்த அனுமதிக்கான படிவம் 'மெடிஃப்' எனப்படுகிறது. சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐஏடிஏ வகுத்த மாதிரியைப் பின்பற்றி, ஒவ்வொரு விமான நிறுவனமும் தனது படிவத்தை இணையதளத்தில் வைத்துள்ளது. முதல் பகுதியைப் பயணியோ குடும்பத்தினரோ நிரப்ப வேண்டும்: பயண விவரம், சக்கர நாற்காலி தேவையா, உடன் வருபவர் யார், ஆம்புலன்ஸ் ஏற்பாடு செய்பவர் யார். இரண்டாம் பகுதி சிகிச்சை அளித்த மருத்துவருக்கானது: நோயின் பெயர், தொடங்கிய நாள், அறுவை சிகிச்சை நடந்த தேதி, ரத்த ஆக்சிஜன் அளவு, ஹீமோகுளோபின், தரையில் ஆக்சிஜன் எடுத்துக்கொள்கிறாரா, ஆம் எனில் நிமிடத்திற்கு எத்தனை லிட்டர், இருக்கையை நிமிர்த்தி அமர முடியுமா, தொற்று உண்டா.

இறுதி முடிவை எடுப்பவர் விமான நிறுவனத்தின் மருத்துவர். அவர் நோயாளியை நேரில் பார்ப்பதில்லை. படிவத்தில் என்ன எழுதப்பட்டிருக்கிறதோ, அது மட்டுமே அவர் முன்னால் இருக்கிறது. ஒற்றை வரிக் கடிதம் திருப்பி அனுப்பப்படுவதற்குக் காரணம் அதிகாரிகளின் பிடிவாதம் அல்ல. முடிவெடுக்கத் தேவையான எண்கள் அதில் இல்லை என்பதே.

ஒரு நோயாளியின் கணக்கு

விளக்கத்திற்காக ஒரு நோயாளியை எடுத்துக்கொள்வோம். குவாஹாட்டியைச் சேர்ந்த 62 வயதுக்காரர். பல ஆண்டுகளாக சிஓபிடி எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர். டெல்லியில் உள்ள மகனைப் பார்க்க வந்த இடத்தில் நுரையீரலில் ஓட்டை விழுந்து, மார்புக் கூட்டில் காற்று தேங்கியது. மருத்துவமனையில் மார்புக்குள் குழாய் செருகி அந்தக் காற்றை வெளியேற்றினார்கள். மாதத்தின் 7-ஆம் தேதி குழாய் அகற்றப்பட்டது. 8-ஆம் தேதி எடுத்த எக்ஸ்ரேயில் நுரையீரல் முழுமையாக விரிந்திருந்தது. 10-ஆம் தேதி வீட்டிற்கு அனுப்பினார்கள். 12-ஆம் தேதி குவாஹாட்டி விமானத்திற்கு மகன் டிக்கெட் எடுத்துவிட்டார்.

மருத்துவமனை தந்த கடிதத்தில் 'ரத்த ஆக்சிஜன் 97 சதவீதம், பயணிக்கத் தகுதியானவர்' என்று இருந்தது. விமான நிறுவனத்தின் மருத்துவப் பிரிவு இரண்டு கேள்விகளுடன் அதைத் திருப்பி அனுப்பியது. அந்த 97 சதவீதம் வெறும் காற்றைச் சுவாசித்தபோது அளந்ததா, ஆக்சிஜன் குழாய் மாட்டியிருந்தபோது அளந்ததா? நுரையீரல் முழுமையாக விரிந்துவிட்டதை உறுதிசெய்த எக்ஸ்ரேயின் தேதி என்ன?

முதல் கேள்விக்கான விடை குடும்பத்தினருக்கே அதிர்ச்சியாக இருந்தது. நிமிடத்திற்கு 3 லிட்டர் ஆக்சிஜன் செலுத்தப்பட்டுக்கொண்டிருந்தபோது அளந்த எண் அது. ஆக்சிஜனை நிறுத்திச் சிறிது நேரம் அமைதியாக அமரவைத்து மீண்டும் அளந்தபோது, அளவு 91 சதவீதத்தில் நின்றது. இப்படிப்பட்ட கடிதங்களில் அதிகம் விடுபடும் சொல் இதுதான். ஆக்சிஜன் இல்லாமல் அளந்ததா, அதனுடன் அளந்ததா என்று எழுதாத வரை அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. கடிதத்தைக் கையில் வாங்கும்போதே குடும்பத்தினர் பார்க்க வேண்டிய முதல் இடம் அது.

இரண்டாவது கேள்வி பயணத் தேதியையே மாற்றியது. மார்புக் கூட்டில் தேங்கிய காற்று வெளியேறி, நுரையீரல் முழுமையாக விரிந்துவிட்டதை எக்ஸ்ரே காட்டிய பின், குறைந்தது 7 நாட்கள் காத்திருக்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வழிகாட்டுதல். காயத்தால் இப்படி நேர்ந்திருந்தால் 14 நாட்கள். குழாயை எடுத்த நாளில் இருந்தோ, டிஸ்சார்ஜ் ஆன நாளில் இருந்தோ இந்தக் கணக்கு தொடங்குவதில்லை. எக்ஸ்ரே தேதியில் இருந்துதான் தொடங்குகிறது. இவருக்கு அது 8-ஆம் தேதி. எனவே 15-ஆம் தேதிக்கு முன் பறக்க இயலாது. சிஓபிடி உள்ளவர்களுக்கு ஓட்டை மீண்டும் விழும் ஆபத்து அதிகம் என்பதால், 16-ஆம் தேதி இன்னொரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த பிறகே நுரையீரல் மருத்துவர் சம்மதித்தார். பயணம் 18-ஆம் தேதிக்குத் தள்ளிப்போனது.

ரயிலில் போயிருக்கலாமே என்ற கேள்வி எழலாம். டெல்லியில் இருந்து குவாஹாட்டிக்கு ராஜதானி ரயிலிலும் ஒரு நாளுக்கு மேல் ஆகும். வழியில் மூச்சுத்திணறல் வந்தால் அடுத்த பெரிய நிலையம் வரை காத்திருக்க வேண்டும். சிலருக்கு அதுவே பாதுகாப்பான வழி. இவருடைய மருத்துவர் அதையும் எடைபோட்டுப் பார்த்த பிறகே விமானத்தைத் தேர்ந்தெடுத்தார்.

எத்தனை லிட்டர் என்பது எப்படி முடிவாகிறது?

தரையில் ஓய்வாக இருக்கும்போது ஆக்சிஜன் இல்லாமலேயே 91 சதவீதத்தில் இருக்கும் இவருக்கு, விமானத்தில் மட்டும் நிமிடத்திற்கு 2 லிட்டர் ஆக்சிஜன் பரிந்துரைக்கப்பட்டது. இந்த எண் எங்கிருந்து வந்தது என்பதை எளிய கணக்கில் புரிந்துகொள்ளலாம்.

மூக்கில் மாட்டும் குழாய் வழியாகச் செல்லும் ஒவ்வொரு லிட்டரும், சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜனின் பங்கைத் தோராயமாக 4 சதவீதம் கூட்டுகிறது என்று மருத்துவர்கள் கணக்கிடுவார்கள். 2 லிட்டர் என்றால் 21 என்பது 29 சதவீதத்தை நெருங்கும். 8,000 அடிக்கு இணையான மெல்லிய காற்றில் அந்த 29 சதவீதம், தரையில் 21 சதவீதம் தரும் பலனைத்தான் தருகிறது. அதாவது விமானத்தில் 2 லிட்டர் ஆக்சிஜன் என்பது கூடுதல் வசதி அல்ல. உயரத்தால் இழந்ததை ஈடுசெய்து, நோயாளியை மீண்டும் தரைக்குக் கொண்டுவருவது மட்டுமே அதன் வேலை. ஏற்கெனவே வீட்டில் 2 லிட்டரில் இருப்பவருக்கு விமானத்திலும் அதே 2 லிட்டர் என்று எழுதினால், அவருக்கு உண்மையில் ஆக்சிஜனே தராத நிலைதான். வீட்டில் எடுக்கும் அளவை விமானத்தில் இரட்டிப்பாக்கும் வழக்கம் இதனால்தான் உருவானது.

இன்னும் கூட்டித் தந்தால் நல்லதுதானே என்றும் எண்ணிவிடக் கூடாது. சிஓபிடி நோயாளிகள் சிலருக்கு ஆக்சிஜன் அதிகமானால் ரத்தத்தில் கரியமில வாயு தேங்கி, மயக்கம் வரை செல்லக்கூடும். இத்தகையவர்களுக்கு 88 முதல் 92 சதவீதம் வரை வைத்திருப்பதே மருத்துவர்களின் இலக்கு. பல்ஸ் ஆக்சிமீட்டரில் 98 தெரிய வேண்டும் என்று உடன் வருபவர் கருவியைத் திருகிவிடுவது இங்கே ஆபத்தான செயல். இலக்கு எண்ணையும் கடிதத்தில் எழுதித் தரும்படி கேட்டு வாங்குவது நல்லது.

91, 92 என்ற எல்லைக்கு அருகில் இருந்து முடிவெடுக்கச் சிரமமானால், ஒரு பரிசோதனை உண்டு. 15 சதவீத ஆக்சிஜன் உள்ள வாயுவைச் சுமார் 20 நிமிடங்கள் சுவாசிக்கவைத்து, அளவு எங்கே இறங்கி நிற்கிறது என்று பார்ப்பார்கள். எல்லா மருத்துவமனைகளிலும் இந்த வசதி இல்லை. 'நோயாளி 100 மீட்டர் இயல்பான வேகத்தில் நடக்கவோ, 10 முதல் 12 படிகள் ஏறவோ முடியுமா' என்ற கேள்வி படிவங்களில் இடம்பெறுவதும் அதே நோக்கத்தில்தான். ஆடம்பரமற்ற சோதனை என்றாலும் பயனுள்ளது. அமர்ந்திருக்கும்போது 91-இல் இருந்தவர், நடந்து முடித்ததும் 84-க்கு இறங்கினால், உயரத்திலும் அவர் தடுமாறுவார் என்று எதிர்பார்க்கலாம்.

சிலிண்டரா, செறிவூட்டியா?

வீட்டில் பயன்படுத்தும் ஆக்சிஜன் சிலிண்டரைத் தாமாகவே விமானத்திற்குள் கொண்டுசெல்ல முடியாது. அது அபாயகரமான பொருட்களின் பட்டியலில் உள்ளது. திரவ ஆக்சிஜனுக்கு முற்றிலும் தடை. முன்பதிவு செய்தால் சில நிறுவனங்கள் கட்டணம் பெற்றுக்கொண்டு தங்கள் சிலிண்டரை வழங்குகின்றன. பெரும்பாலும் நிமிடத்திற்கு 2 அல்லது 4 லிட்டர் என்ற இரண்டு அளவுகளில்தான் அது கிடைக்கும். வேறு சில நிறுவனங்கள் இந்தச் சேவையை வழங்குவதே இல்லை. எனவே டிக்கெட் எடுப்பதற்கு முன்பே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். விமானத்தில் தலைக்கு மேலே இருந்து விழும் முகமூடியும், பணியாளர்கள் வைத்திருக்கும் முதலுதவி ஆக்சிஜனும் அவசர நிலைக்கானவை. அவற்றை நம்பிப் பயணம் தொடங்கக் கூடாது.

மற்றொரு வழி, பேட்டரியில் இயங்கும் கையடக்க ஆக்சிஜன் செறிவூட்டி. நிறுவனத்தின் முன் அனுமதியுடன் இதை எடுத்துச் செல்லலாம். இதில் இரண்டு இடங்களில் மக்கள் ஏமாறுகிறார்கள்.

ஒன்று, கருவியில் உள்ள எண். சிறிய கருவிகளில் பல, தொடர்ச்சியாக ஆக்சிஜனைச் செலுத்துவதில்லை. மூச்சை இழுக்கும்போது மட்டும் சிறு அளவில் விடுகின்றன. அதில் '2' என்று வைப்பது, நிமிடத்திற்கு 2 லிட்டர் என்பதாகாது. வாயால் மூச்சுவிட்டபடி உறங்கிவிடுபவர்களுக்குக் கருவி மூச்சை உணராமலே போகலாம். எனவே வாடகைக்கு எடுத்த அதே கருவியை மாட்டி, அமரவைத்தும் சிறிது நடக்கவைத்தும் அளவு நிலைக்கிறதா என்று மருத்துவர் பார்த்த பிறகே, எந்த எண்ணில் வைக்க வேண்டும் என்பதைக் கடிதத்தில் எழுத வேண்டும்.

மற்றொன்று பேட்டரி. 100 வாட்-மணி வரையிலான லித்தியம் பேட்டரிகளுக்குப் பெரிய தடை இல்லை. 100 முதல் 160 வரை என்றால் நிறுவனத்தின் ஒப்புதலுடன் உபரியாக இரண்டு மட்டும். 160-க்கு மேல் அனுமதி இல்லை. பேட்டரியில் வோல்ட், ஆம்பியர்-மணி மட்டுமே அச்சிடப்பட்டிருந்தால் இரண்டையும் பெருக்கிக்கொள்ளலாம்: 14.4 வோல்ட், 6.8 ஆம்பியர்-மணி என்றால் சுமார் 98 வாட்-மணி. உபரி பேட்டரிகள் கைப்பையில்தான் இருக்க வேண்டும். சரக்காக அனுப்பும் பெட்டியில் வைத்தால் பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள்.

எத்தனை பேட்டரி தேவை? பறக்கும் நேரத்தைப் போல ஒன்றரை மடங்கு என்பது பல நிறுவனங்கள் கேட்கும் அளவு. டெல்லி–குவாஹாட்டி பயணம் சுமார் இரண்டரை மணி நேரம் என்பதால், நான்கு மணி நேரத்திற்குச் சற்றுக் குறைவான பேட்டரி இருந்தால் விதி நிறைவேறிவிடும். ஆனால் நமது நோயாளிக்கு நடக்கும்போதும் அலைச்சலின்போதும் ஆக்சிஜன் தேவை. வீட்டில் இருந்து விமான நிலையத்திற்கு ஒரு மணி நேரம், அங்கே இரண்டு மணி நேரம், பறக்கும் நேரம், இறங்கி வெளியே வந்து வீடு சேர ஒன்றரை மணி நேரம் எனக் கூட்டினால் ஏழு மணி நேரம் ஆகிறது. குளிர்காலத்தில் டெல்லியில் மூடுபனி இறங்கினால் இந்தக் கணக்கும் போதாது.

தரையில் விடுபடும் இடைவெளி

விமான நிறுவனத்தின் சிலிண்டரை நம்பிச் செல்பவர்கள் கவனிக்கத் தவறுவது இந்த இடத்தைத்தான். ஆம்புலன்ஸில் இருக்கும் சிலிண்டர் முனையத்தின் வாசலோடு நின்றுவிடும். விமானத்தின் ஆக்சிஜன், இருக்கையில் அமர்ந்த பின்னரே கிடைக்கும். இடையில் பாதுகாப்புச் சோதனை, காத்திருப்பு, பேருந்து அல்லது தூக்கு வாகனம் எனக் கழியும் ஒன்றரை, இரண்டு மணி நேரத்திற்கு ஆக்சிஜன் தருவது யார்? இறங்கும் ஊரிலும் இதே கேள்வி உண்டு. சிறிய செறிவூட்டி ஒன்றை உடன் வைத்திருப்பதே பெரும்பாலும் தீர்வாகிறது. அது இயலாதபோது, விமான நிலைய மருத்துவப் பிரிவிடமும் நிறுவனத்திடமும் முன்கூட்டியே பேசி ஏற்பாடு செய்தாக வேண்டும். மாற்று விமானம் பிடித்துச் செல்லும் பயணத்தில் இந்த இடைவெளி நடுவிலும் ஒருமுறை வரும் என்பதால், நேரடி விமானமே மேல்.

சேரும் ஊரின் உயரத்தையும் பார்க்க வேண்டியிருக்கிறது. லே விமான நிலையம் 10,600 அடிக்கும் மேலான உயரத்தில் உள்ளது. டெல்லியில் சிகிச்சை முடித்து லடாக் திரும்பும் நுரையீரல் நோயாளிக்கு விமானத்திற்குள் இருக்கும் காற்றைவிட, இறங்கியதும் கிடைக்கும் காற்று மெல்லியது. அவருக்கான கடிதத்தில் விமானப் பயணத்திற்கான ஆக்சிஜனை மட்டும் எழுதினால் பாதி வேலைதான் முடிந்திருக்கும்.

மற்ற நோயாளிகள்

அடைபட்ட வாயு என்ற அதே காரணம் வேறு சிலருக்கும் பொருந்தும். வயிறு அல்லது மார்பில் பெரிய அறுவை சிகிச்சை நடந்து 10 நாட்களுக்குள் பறப்பவர்களின் விவரங்களை மருத்துவப் பிரிவு பரிசீலிக்கும். கண்ணின் விழித்திரை சிகிச்சையில் வாயுக் குமிழ் வைக்கப்பட்டவர்கள், அது முழுமையாகக் கரையும் வரை பறக்கக் கூடாது, பார்வையே பறிபோகலாம். எலும்பு முறிவுக்கு மாவுக்கட்டுப் போட்டு 48 மணி நேரம் ஆகாதவர்களுக்கு உள்ளே வீக்கம் கூடும் என்பதால், கட்டைப் பிளந்துவிட்டே அனுப்புவார்கள்.

விதிகள் என்ன சொல்கின்றன?

சக்கர நாற்காலி வேண்டும் என்பதற்காகவோ, மாற்றுத்திறனாளி என்பதற்காகவோ மட்டும் மருத்துவ அனுமதி கேட்க விமான நிறுவனங்களுக்கு உரிமை இல்லை. சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் (டிஜிசிஏ) விதிகளின்படி, பயணத்தால் நோய் தீவிரமடையக்கூடும் என்ற நிலை, தொற்று பரவும் ஆபத்து, பயணத்தின்போது மருத்துவக் கவனிப்போ கருவியோ தேவைப்படுவது போன்ற சூழல்களில்தான் அதைக் கேட்கலாம்.

2022-ஆம் ஆண்டு மே மாதம் ராஞ்சி விமான நிலையத்தில் மாற்றுத்திறனாளிச் சிறுவன் ஒருவரை ஏற்ற மறுத்த சம்பவத்தில், தொடர்புடைய தனியார் நிறுவனத்திற்கு டிஜிசிஏ ரூ.5 லட்சம் அபராதம் விதித்தது. அதைத் தொடர்ந்து அதே ஆண்டு ஜூலையில் விதி திருத்தப்பட்டது. பயணியின் உடல்நிலை வானில் மோசமடையலாம் என்று நிறுவனம் கருதினால், மருத்துவர் ஒருவர் அவரை நேரில் பரிசோதித்து, பறக்கத் தகுதியானவரா இல்லையா என்று தெளிவாகக் கூற வேண்டும். அதன் பிறகே நிறுவனம் முடிவெடுக்கலாம். ஏற்ற மறுத்தால், அதற்கான காரணத்தை எழுத்துப்பூர்வமாகத் தர வேண்டும். முனையத்தில் பிரச்சினை எழுந்தால் பணியாளரிடம் வாக்குவாதம் செய்வதைவிட, மருத்துவரை அழைக்கும்படியும் காரணத்தை எழுதித் தரும்படியும் கேட்பதே பலன் தரும்.

முன்கூட்டியே பெற்ற அனுமதி அந்த நிறுவனத்திற்கும், அந்தப் பயணத்திற்கும் மட்டுமே செல்லும். தேதி மாறினாலோ, வேறு நிறுவன விமானத்திற்கு மாறினாலோ மீண்டும் விண்ணப்பிக்க வேண்டும். வழக்கமாகப் பயணத்திற்கு 48 முதல் 72 மணி நேரத்திற்கு முன்பு படிவம் போய்ச் சேர வேண்டும். கடிதத்தின் தேதி எவ்வளவு அண்மையில் இருக்க வேண்டும் என்பது நிறுவனத்திற்கு நிறுவனம் மாறுபடும். குவாஹாட்டி நோயாளியின் மகன், இரண்டாவது எக்ஸ்ரேக்கு அடுத்த நாளுக்குப் பதிலாக அதற்கும் அடுத்த நாள் டிக்கெட்டைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், 16-ஆம் தேதி காலை அனுப்பிய படிவத்திற்கு 48 மணி நேரம் கிடைக்க வேண்டும் என்பதே. புதிய படிவத்தில் இருந்தவை இவ்வளவுதான்: ஆக்சிஜன் இல்லாமல் ஓய்வில் 91 சதவீதம், இரு எக்ஸ்ரே தேதிகள், விமானத்தில் நிமிடத்திற்கு 2 லிட்டர், இலக்கு 88 முதல் 92, இருக்கை வரை சக்கர நாற்காலி, உடன் வருபவர் மகன். இம்முறை மருத்துவப் பிரிவு கேள்வி எதுவும் கேட்கவில்லை.